1 மில்லி ஆம்பியர் மீட்டரை 1 ஆம்பியருக்கு மாற்றியது: ஷண்ட் செய்ததும் முழு விலக்கம் பார்த்ததும்

கழித்துப்போட்ட ஒரு கருவியிலிருந்து எடுத்த மூவிங் காயில் மீட்டர் இது. முகப்பில் 0 முதல் 1 வரை ஐம்பது கோடுகள். முழு அளவு 1 மில்லி ஆம்பியர். என் பவர் சப்ளையில் 1 ஆம்பியர் வரை காட்டும் முள் மீட்டர் ஒன்று வேண்டியிருந்தது. முகப்பைப் புதிதாக வரைய வேண்டியதில்லை, 'மில்லி' குறியை மட்டும் மறைத்தால் போதும் என்பதால் இதையே எடுத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிதுதான். உள்ளே இருக்கும் சுருள் மெல்லிய செம்புக் கம்பி. அதில் 1 மில்லி ஆம்பியர் போனாலே முள் கடைசிக் கோட்டுக்குப் போய்விடும். 1 ஆம்பியர் வரும்போது மீதி 999 மில்லி ஆம்பியரும் வேறு வழியில் போக வேண்டும். அந்த வேறு வழிதான் மீட்டருக்கு இணையாக வைக்கும் சிறு மின்தடை, அதாவது ஷண்ட். இரண்டு கிளைகளிலும் மின்னழுத்தம் ஒன்றே என்பதால் கணக்கு ஒரே வரியில் முடிகிறது:

```
Rs = Ig × R / (I − Ig)
```

Ig என்பது முள் முழு அளவுக்குப் போகத் தேவையான மின்னோட்டம், R என்பது மீட்டர் கிளையின் மொத்த மின்தடை, I என்பது நமக்கு வேண்டிய புது அளவு.

ஆனால் இந்த வரியில் எண்களைப் போட்டால் வரும் விடை 0.1 ஓம், 0.2 ஓம் என்ற அளவில் இருக்கும். சிக்கல் தொடங்குவது அங்கேதான். 10 செ.மீ. நீளச் சாதாரண இணைப்புக் கம்பி (0.5 சதுர மி.மீ. செம்பு) மட்டுமே 0.0034 ஓம் தரும். 0.2 ஓம் ஷண்டில் அது 1.7 சதவீதம். சரியாக இறுக்காத ஒரு நட் இதைவிட அதிகமாகவே தரும். 0.2042 என்று நான்கு தசமம் வரை கணக்குப் போட்டுவிட்டு, ஷண்டை இரண்டு முனை உள்ள சாதாரண ரெசிஸ்டர் போலப் பொருத்தினால் அந்தத் தசமங்களுக்கு அர்த்தமே இல்லை.

அதனால் இரண்டு முடிவுகளை முதலிலேயே எடுத்துக்கொண்டேன். ஷண்டுக்கு நான்கு முனைகள் இருக்க வேண்டும்: பெரிய மின்னோட்டம் வந்து போக இரண்டு, மீட்டருக்குப் போக அதற்கு உள்பக்கமாக இரண்டு. அடுத்தது, துல்லியமாகச் சரிசெய்யும் வேலை முழுவதும் மீட்டர் கிளையில்தான் நடக்க வேண்டும், ஷண்டில் அல்ல. ஷண்டில் 1 சதவீதம் திருத்த வேண்டுமானால் 2 மில்லி ஓமை எடுக்கவோ சேர்க்கவோ வேண்டும். மீட்டர் கிளையில் அதே 1 சதவீதத்துக்கு 2 ஓம். இரண்டு ஓமை ஒரு சிறிய டிரிம்பாட்டைத் திருப்பியே சரிசெய்துவிடலாம்.

மீட்டரை அளப்பது

முகப்பில் 1 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. பழைய மீட்டர்களில் காந்தம் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்; அப்படியானால் முழு விலக்கத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். இந்த வகைப் பலகை மீட்டர்களுக்குப் புதிதாக இருக்கும்போதே முழு அளவில் 1.5 அல்லது 2.5 சதவீதம் வரை பிழை அனுமதி உண்டு.

முதலில் மீட்டரை நிமிர்த்தி வைத்தேன், கடைசியில் பலகையில் எப்படி நிற்கப்போகிறதோ அதே நிலையில். படுக்க வைத்தால் முள்ளின் எடை வேறு மாதிரி விழும், பூஜ்யமே கொஞ்சம் நகரும். முகப்பின் அடியில் இருக்கும் பூஜ்யத் திருகை மெல்லத் திருப்பி, கண்ணாடியை விரல்நுனியால் தட்டி, முள் 0 கோட்டின் மேல் வந்து உட்காரும்படி செய்தேன். தட்டுவது அவசியம். தாங்கிகளில் உள்ள உராய்வு முள்ளைக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே பிடித்து வைத்துவிடும்.

அடுத்து ஒரு 9 வோல்ட் பேட்டரி, 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2.2 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், நம்பகமான டிஜிட்டல் மல்டிமீட்டர் (மில்லி ஆம்பியர் ரேஞ்சில்), நம் மீட்டர் எல்லாம் ஒரே தொடரில். பொட்டென்ஷியோமீட்டர் முழு மின்தடையில் இருக்கும்போது 0.9 மில்லி ஆம்பியர் அளவில்தான் ஓடும். முழுவதும் குறைத்தாலும் 1.15-ஐத் தாண்டாது. முள் கடைசிக் கட்டையில் மோதிச் சேதமாகாதபடி இந்த 8.2 கிலோ ஓம் பார்த்துக்கொள்ளும்.

முள் சரியாகக் கடைசிக் கோட்டில் நின்றபோது மல்டிமீட்டர் காட்டியது 1.02 மில்லி ஆம்பியர். ஆக, என் Ig 1.02, எழுதியிருக்கும் 1.00 அல்ல. இந்த 2 சதவீதத்தை இங்கே பிடிக்காவிட்டால், பிறகு ஷண்டில்தான் பிழை என்று நினைத்து அதை நோண்டிக்கொண்டிருப்போம்.

சுருளின் மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் நேராக அளக்க வேண்டாம். முள் வகை மல்டிமீட்டர்களின் தாழ்ந்த ஓம் ரேஞ்சு பல பத்து மில்லி ஆம்பியரை வெளியே தள்ளும். டிஜிட்டலில் அவ்வளவு போகாது என்றாலும், எவ்வளவு போகிறது என்று தெரியாமல் 1 மில்லி ஆம்பியர் சுருளில் வைப்பது எனக்குப் பிடிக்காது. அரை விலக்க முறை பாதுகாப்பானது, கருவியும் கூடுதலாகத் தேவையில்லை.

முள் கடைசிக் கோட்டில் நிற்கும் அதே அமைப்பில் எதையும் தொடாமல், மீட்டரின் இரு முனைகளுக்கு இணையாக 200 ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை இணைத்தேன். அதைத் திருப்பத் திருப்ப முள் இறங்கும். சரியாக 0.5 கோட்டில் நிறுத்தி, பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றி, அதை மட்டும் ஓம் ரேஞ்சில் அளந்தேன். மல்டிமீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் 0.2 ஓமைக் கழித்த பிறகு 73.4 ஓம். மின்னோட்டம் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது என்றால் சுருளும் ஏறக்குறைய அதே 73.4 ஓம் என்று பொருள்.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. இணைத் தடை சேர்ந்ததும் சுற்றின் மொத்தத் தடை கொஞ்சம் குறைகிறது, மொத்த மின்னோட்டம் சற்றே கூடுகிறது. அதற்கான திருத்தம்:

```
Rm = S × Rt / (Rt − Rm)
```

Rt என்பது முழு விலக்கத்தின்போது இருந்த மொத்தத் தடை, பேட்டரி 9.3 வோல்ட், மின்னோட்டம் 1.02 மில்லி ஆம்பியர் என்பதால் அது 9118 ஓம். S என்பது அளந்த 73.4. வலப்பக்கம் Rm-க்குப் பதில் 73.4 என்றே போட்டுக் கணக்கிட்டால் போதும், 74.0 ஓம் கிடைக்கிறது. வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவுதான். இதே வேலையை 1.5 வோல்ட் பேட்டரியில் செய்தால் மொத்தத் தடை 1500 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், திருத்தமும் 5 சதவீதமாகிவிடும். 9 வோல்ட் எடுத்ததன் காரணம் இதுதான்.

சுருளோடு தொடரில் ஒரு ரெசிஸ்டர்

74 ஓம் முழுவதும் செம்பு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். ஷண்டோ வெப்பத்தால் அதிகம் மாறாத உலோகக் கலவை. சூடு ஏறும்போது சுருள் மட்டும் மின்னோட்டத்தைக் கூடுதலாக எதிர்க்கத் தொடங்கும், இன்னும் கொஞ்சம் ஷண்ட் பக்கம் சாயும், முள் குறைவாகக் காட்டும். 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 4 சதவீதம். பவர் சப்ளையின் பெட்டிக்குள் 10 டிகிரி ஏறுவது சாதாரணம்.

இதற்கு வழி, சுருளோடு தொடரில் வெப்பத்தால் அதிகம் மாறாத ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பது. மொத்தக் கிளையில் செம்பின் பங்கு குறையும், பிழையும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் இது இலவசமல்ல. கிளையின் மொத்தத் தடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, ஷண்டின் குறுக்கே விழும் மின்னழுத்தமும் அத்தனை மடங்கு கூடும். 74 ஓம் மட்டும் இருந்தால் முழு அளவில் 75 மில்லி வோல்ட்தான் இழப்பு. 200 ஓமாக்கினால் 204 மில்லி வோல்ட். 5 வோல்ட் தரும் சப்ளையில் 0.2 வோல்ட் குறைவது எனக்குப் பெரிய விஷயமில்லை, ஏனென்றால் ஷண்டுக்கு அப்பால்தான் சப்ளையின் வோல்ட் மீட்டரும், மின்னழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்யும் கம்பியும் இருக்கின்றன. பேட்டரிச் சுற்றில் வைப்பதாக இருந்தால் 100 ஓமோடு நிறுத்தியிருப்பேன்.

200 ஓமில் செம்பின் பங்கு 37 சதவீதம். 10 டிகிரிக்குப் பிழை 1.5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. 120 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றும், அதோடு 20 ஓம் பல சுற்று டிரிம்பாட் ஒன்றும் தொடரில் வைத்தேன். சுருளையும் சேர்த்தால் கிளையின் மொத்தத் தடையை 194 முதல் 214 ஓம் வரை நகர்த்த முடியும். முதலில் கொடுத்த ஷண்ட் கணக்கில் இந்த எண்களைப் போட்டால், ஷண்ட் 0.198 முதல் 0.218 ஓம் வரை எங்கே விழுந்தாலும் டிரிம்பாட்டால் எட்டிப் பிடித்துவிடலாம் என்று தெரிகிறது. ஷண்ட் செய்யும்போது நடுவில் 0.208 என்று குறிவைத்தால் இரண்டு பக்கமும் 5 சதவீதம் இடம் இருக்கிறது. கையால் வெட்டி ஒட்டும் கம்பிக்கு அது தாராளம்.

ஷண்ட்

1 மி.மீ. தடிமன் உள்ள மாங்கனின் கம்பி எடுத்தேன். செம்பு, மாங்கனீசு, நிக்கல் சேர்ந்த இந்தக் கலவையில் வெப்பத்தால் ஏற்படும் மாற்றம் மிக மிகக் குறைவு. நைக்ரோம் கம்பி எளிதில் கிடைக்கும், ஆனால் அதில் ஈயம் சாதாரணமாக ஒட்டாது. செம்புக் கம்பியை ஷண்டாகப் போடவே கூடாது. சுருளும் ஷண்டும் இரண்டும் செம்பு, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் அது நடக்கும். ஆம்பியர் ஓடும் ஷண்ட் சுருளைவிட எப்போதும் சூடாகவே இருக்கும்.

கம்பியின் தடையையும் அளந்தேதான் எடுத்தேன். கலவைக்குக் கலவை கொஞ்சம் மாறும், தடிமனும் சொன்னபடி இருக்காது. கம்பியில் 0.5 ஆம்பியர் ஓடவிட்டு, நடுவில் சரியாக 1 மீட்டர் இடைவெளியில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து மின்னழுத்தம் பார்த்தேன். 285 மில்லி வோல்ட், அதாவது 1 மீட்டர் நீளத்துக்கு 0.57 ஓம். மின்னோட்டம் தரும் கிளிப்புகள் இந்த 1 மீட்டருக்கு வெளியே இருப்பதால் அவற்றின் தொடுதடை கணக்கில் வருவதில்லை. சின்ன மின்தடைகளை அளக்க இதுதான் முறை. ஓம் ரேஞ்சில் வைத்தால் 0.2 ஓமும் மல்டிமீட்டர் கம்பியின் தடையும் ஒன்றாகக் கலந்து வரும்.

0.208 ஓமுக்கு 36.5 செ.மீ. வேண்டும். 42 செ.மீ. வெட்டி, இரண்டு முனைகளையும் பித்தளை போல்ட்டின் கீழ் வாஷர் வைத்து இறுக்கி, அதோடு ஈயமும் வைத்தேன். பெரிய மின்னோட்டம் இந்தப் போல்ட்டுகள் வழியாகத்தான் வந்து போகும். உள்ளே, இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக விட்டு, 36.5 செ.மீ. இடைவெளியில் மெல்லிய கம்பிகள் இரண்டை நேரடியாக மாங்கனின் மேல் சுற்றி ஈயம் வைத்தேன். இவைதான் மீட்டருக்குப் போகின்றன. இந்தக் கம்பிகள் எவ்வளவு மெல்லியதாக, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அவற்றில் ஓடுவது 1 மில்லி ஆம்பியர்தான், அவற்றின் தடை 200 ஓமோடு சேர்ந்து கரைந்துவிடும்.

ஈயம் வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈயம் கம்பியின் மேல் பரவினால் அந்த நீளம் ஏறத்தாழ குறுக்குச் சுற்றாகிவிடும். ஒரு பக்கம் 5 மி.மீ. பரவினாலே 1 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதனால் முதலில் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பரவக் கூடாத இடத்தில் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டிக்கொண்டு, இணைப்பைச் சின்னதாக முடித்தேன். கம்பியை அரத்தால் ராவினால் தடை கூடும், ஈயம் சேர்த்தால் குறையும். டிரிம்பாட்டின் எல்லைக்குள் ஷண்ட் வரவில்லை என்றால் அப்படிப் பிடிக்கலாம். இதில் தேவைப்படவில்லை.

1 ஆம்பியரில் முழுக் கம்பியிலும் சேர்த்து 0.24 வாட்தான். 42 செ.மீ. நீளத்தில் பரவும்போது தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கம்பியைச் சுருட்டிச் சுற்றலாம், ஆனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

முழு விலக்கம் சரிசெய்தல்

எதோடு ஒப்பிடுவது என்பது இங்கே முக்கியம். பெரும்பாலான மல்டிமீட்டர்களில் 10 ஆம்பியர் ரேஞ்சு உண்டு, ஆனால் 1 ஆம்பியரை அதில் 1.00 என்று மட்டும்தான் காட்டும். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே 1 சதவீதம். அந்த ரேஞ்சின் பிழையும் மற்றவற்றைவிட அதிகமாகவே இருக்கும். அதனால் 1 ஓம், 0.1 சதவீதப் பிழை உள்ள வயர் வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, அதன் குறுக்கே மின்னழுத்தத்தைப் பார்த்தேன். 1.000 வோல்ட் என்றால் 1.000 ஆம்பியர். மல்டிமீட்டர்களில் நேர் மின்னழுத்த ரேஞ்சுதான் அதிகம் நம்பத்தக்கது. இந்த ரெசிஸ்டரிலும் மல்டிமீட்டர் முனைகளை உடலை ஒட்டியே வைக்க வேண்டும், நீண்டு நிற்கும் கால்களின் நுனியில் அல்ல.

மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய சப்ளை, 1 ஓம் ரெசிஸ்டர், ஷண்ட், இவை மூன்றும் தொடரில். டிரிம்பாட்டை அதன் அதிகபட்ச 20 ஓமில் வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். அப்படி வைத்தால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், முள் எல்லை தாண்டாது. முதலில் 0.1 ஆம்பியர் மட்டும் விட்டு முள் சரியான திசையில் போகிறதா என்று பார்த்தேன். பிறகு மெல்ல ஏற்றி மல்டிமீட்டர் 1.000 வோல்ட் காட்டும்போது முள் 0.95-இல் நின்றது. கணக்கும் அதையே சொல்கிறது: 0.208 ஓம் ஷண்டுக்கு 214 ஓம் கிளை என்றால் 0.95தான் வர வேண்டும். இப்படி முதல் வாசிப்பு எதிர்பார்த்த இடத்தில் விழுந்தால், அளந்த எண்கள் எதுவும் பெரிதாகத் தவறவில்லை என்று நம்பலாம். அதற்குப் பதில் 0.8 என்றோ 1.1 என்றோ வந்திருந்தால் டிரிம்பாட்டைத் தொடாமல் இணைப்புகளைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

டிரிம்பாட்டைத் திருப்பி முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். முள்ளை நேர் எதிரே ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கால் கோடு வரை தவறும். கண்ணாடியைத் தட்டி, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி தட்டி, முள் அசையாமல் கோட்டின் மேல் நின்ற இடத்தில் நிறுத்தினேன். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, தொடர் ரெசிஸ்டர்களைக் கழற்றி அளந்தால் 129.6 ஓம். சுருளின் 74.0 சேர்ந்து 203.6. கணக்கில் வர வேண்டியது 203.7.

அப்புறம் நான்கு முனை ஏன் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. 1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் கம்பிகளை உள் இணைப்பிலிருந்து எடுத்து, வெளியே பெரிய மின்னோட்டக் கம்பிகள் மாட்டியிருக்கும் முனைகளில் மாட்டினால் முள் எல்லையைத் தாண்டும், அதனால் மின்னோட்டத்தை 0.6 ஆம்பியருக்கு இறக்கிக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்து மாற்றி மாட்டிவிட்டு மறுபடி கொடுத்தேன். முள் 0.7-ஐத் தாண்டி நின்றது, கூடுதல் 5.5 செ.மீ. கம்பியின் தடையும் போல்ட் இணைப்புகளின் தொடுதடையும் உள்ளே வந்துவிட்டனவே. அதுகூடப் பரவாயில்லை, டிரிம்பாட்டுக்குப் பதில் பெரிய ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும். ஆனால் சப்ளைக் கம்பியை இறுக்கியிருக்கும் நட்டைக் கால் சுற்று தளர்த்தியதும் முள் மேலும் ஒரு கோடு ஏறியது, கம்பியை அசைத்தால் முள்ளும் கூடவே ஆடியது. இதற்கு எந்தத் திருத்தமும் கிடையாது. கம்பிகளைப் பழையபடி உள் இணைப்புக்கு மாற்றிவிட்டு அதே நட்டைத் தளர்த்தினால் முள் அசையவே இல்லை.

இடையில் உள்ள கோடுகள்

கடைசிக் கோடு சரியாக இருந்தால் மற்றவையும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 0.2 ஆம்பியர் இடைவெளியில் ஏற்றிக்கொண்டே போனேன். 0.200-இல் முள் கோட்டின் மேல், 0.400-க்கு 0.395, 0.600-க்கு 0.595, 0.800-இல் மறுபடி கோட்டின் மேல். இறக்கிக்கொண்டு வரும்போது 0.600-இல் கோட்டின் மேலேயே நின்றது.

இந்தப் பிழைகளின் அளவைவிட அவற்றின் வடிவம்தான் எதைத் தொட வேண்டும் என்று சொல்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் தவறினால் அது ஷண்ட் அல்லது டிரிம்பாட். எல்லா இடத்திலும் ஒரே கோட்டளவு தவறினால் அது பூஜ்யத் திருகு. இரண்டு முனையிலும் சரியாக இருந்து நடுவில் மட்டும் தொய்ந்தால், காந்த இடைவெளி எங்கும் சீராக இல்லை, அல்லது அச்சடித்த முகப்பு இந்தச் சுருளுக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அதற்கு வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது. ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டினால் தாங்கி உராய்வு, அல்லது காந்த இடைவெளியில் இரும்புத் தூசி. இதில் இருப்பது நடுத் தொய்வும் லேசான உராய்வும் கலந்தது. இரண்டும் கால் கோட்டுக்குள், அதாவது முழு அளவில் 0.5 சதவீதம். நல்ல மீட்டர்தான்.

முழு அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டும் முள் நகரவில்லை. ஷண்டின் சூட்டால் மாற்றம் இல்லை என்பதற்கு அது போதும். சுருளின் வெப்பத்தைப் பார்க்க மீட்டரின் பின்புறம் வெப்பக்காற்று ஊதியால் மிதமாகக் காற்றுவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்தேன். வெப்பமானி 15 டிகிரி ஏறி நிலையாக நின்றபோது முள் சுமார் ஒரு கோடு இறங்கியிருந்தது. 2 சதவீதம். தொடர் ரெசிஸ்டர் இல்லாமல் விட்டிருந்தால் இதுவே மூன்று கோடாகியிருக்கும்.

பெட்டியில் பொருத்துவது

ஷண்ட் கம்பி அறுந்தாலோ இணைப்பு விட்டாலோ மொத்த மின்னோட்டமும் மீட்டர் பக்கம் திரும்பும். 12 வோல்ட் சப்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை, முழு அளவைப் போல அறுபது மடங்கு. அதனால் சுருளும் தொடர் ரெசிஸ்டரும் சேர்ந்த கிளையின் குறுக்கே 1N4007 டயோடு இரண்டை எதிரெதிர்த் திசையில் இணைத்தேன். சாதாரணமாக அங்கே 0.2 வோல்ட்தான் இருக்கும், சிலிக்கான் டயோடு அதற்கு விழித்துக்கொள்ளாது. வாசிப்பில் எந்த மாற்றமும் இல்லை. ஷண்ட் விட்டுப்போனால் டயோடு 1 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்திவிடும், சுருளில் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு மேல் போகாது. முள் கட்டையில் இடிக்கும், ஆனால் சுருள் கருகாது. டிரிம்பாட் பழுதாகித் திறந்துபோனால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும், ஆபத்தில்லை. சரிசெய்யும் பாகத்தை ஷண்டில் வைக்காமல் இந்தப் பக்கம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியின் முன்பலகை இரும்பு. மீட்டரைத் துளையில் பொருத்தி இறுக்கிவிட்டு மறுபடி 1.000 ஆம்பியர் விட்டால் முள் அரைக் கோடு குறைவாக நின்றது. காந்தத்தின் புலத்தில் ஒரு பகுதியை இரும்பு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சில மீட்டர்களில் எந்தப் பலகைக்காகச் செய்தது என்று முகப்பிலேயே குறித்திருப்பார்கள். பலகையில் இருக்கும்போதே டிரிம்பாட்டை இன்னும் 2 ஓம் குறைத்து முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன், பிறகு டிரிம்பாட்டின் திருகில் ஒரு துளி நகப்பூச்சு வைத்து நகராமல் செய்துவிட்டேன்.

இதே மீட்டரை 5 ஆம்பியருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மீட்டர் கிளையைத் தொட வேண்டாம். ஷண்ட் மட்டும் 0.0416 ஓம் அளவுக்கு மாறும், முழு அளவில் 1 வாட் சூடு வரும். இந்த 1 மி.மீ. கம்பியையே சுமார் 7.3 செ.மீ. வெட்டிப் போட்டால் தடை சரியாக வரும், ஆனால் அவ்வளவு சின்ன நீளத்தில் அந்தச் சூடு தங்கி, ஈய இணைப்புகளையும் மீட்டர் கம்பிகள் ஒட்டிய இடத்தையும் சூடாக்கும். 36.5 செ.மீ. நீளத்தில் ஐந்து கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் இணையாகப் போட்டால், ஒவ்வொன்றிலும் 1 ஆம்பியர்தான். வெதுவெதுப்பும் இப்போது இருக்கும் அளவிலேயே நிற்கும். ஐந்து கம்பிகளின் முனைகளையும் ஒரு தடித்த பித்தளைக் கட்டையில் சேர்த்து ஈயம் வைத்து, மீட்டர் கம்பிகளை அந்தக் கட்டைகளின் உள்விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும்.